டெபாசிட் பிடித்தத்தை மறுத்து மின்னஞ்சல் எழுதுவது எப்படி: குடியேறிய, காலி செய்த செக்லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட்களோடு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், குறிப்பாக ரெட்மண்ட், பெல்வியூ, சியாட்டில் பகுதிகளில் வாடகைக்கு இருந்து காலி செய்தவர்களுக்கானது. டெபாசிட் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெபாசிட்டில் எதற்கு எவ்வளவு பிடித்தோம் என்ற கணக்கை உரிமையாளர் அனுப்புவதற்கான கெடு கலிபோர்னியாவில் 21 நாள், வாஷிங்டனில் 30 நாள். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் கீழே உள்ள படிகளின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நாள் கணக்கையும் சட்டப் பிரிவையும் தங்கள் மாநிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

பலரும் பிடித்தத்தைப் பார்த்த கோபத்தில் முதலில் மின்னஞ்சலை எழுதிவிட்டு, அதன் பிறகே ஆதாரத்தைத் தேடுகிறார்கள். அதற்குள் வாடகையாளர் இணையக் கணக்கு மூடப்பட்டிருக்கும். ஆகவே எழுதும் வேலை இந்த வழிகாட்டியில் ஆறாவது படியாகத்தான் வருகிறது.

## 1. கணக்கு மூடப்படும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்

இப்போது பெரும்பாலான அப்பார்ட்மெண்ட் நிர்வாகங்கள் குடியேறும்போது நிரப்பும் செக்லிஸ்டைக் காகிதத்தில் தருவதில்லை. வாடகை கட்டும் அதே இணையதளத்தில் அறைவாரியாக ஒரு படிவம் வரும், நாம் அதை நிரப்பிக் கையொப்பமிடுவோம். காலி செய்யும்போது நிர்வாகத்தின் ஆள் வீட்டைச் சுற்றிப் பார்த்து நிரப்பும் பட்டியலும் அங்கேயே சேரும். வீட்டைக் காலி செய்த பிறகு அந்தக் கணக்கு எப்போது மூடப்படும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வாரத்திலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கைப்பேசியில் எடுக்காமல் கணினியில் எடுங்கள். கைப்பேசித் திரையில் குறிப்புப் பகுதி சுருங்கி, அழுத்தினால் மட்டும் விரியும்படி இருக்கும். நமக்கு வேண்டியதோ அந்தக் குறிப்பேதான். கணினியில் ஒவ்வொரு அறையின் வரிகளையும் விரித்து வைத்து, வீட்டு எண், அறையின் பெயர், பொருளின் பெயர், அதன் நிலை, குறிப்பு, தேதி ஆகியவை ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். பட்டியல் நீளமாக இருந்தால், ஒரு படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாக மீண்டும் வரட்டும். நடுவில் எதையும் வெட்டவில்லை என்பதைப் பார்ப்பவருக்கு அது காட்டும். இருவரின் கையொப்பமும் தேதியும் உள்ள கடைசிப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் கையொப்பம் இல்லாத செக்லிஸ்டை 'வாடகையாளர் தானாக எழுதிக்கொண்டது' என்று ஒதுக்குவது எளிது.

எடுத்த படங்கள் அனைத்தையும் அன்றே உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். படங்கள் எந்த நாளில் உங்கள் கையில் இருந்தன என்பதற்கு அந்த மின்னஞ்சலின் தேதி சாட்சியாக நிற்கும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிச் சேமிப்பதைத் தவிர்க்கவும். படம் சுருங்கி, சிறிய எழுத்துகள் மங்கிவிடும்.

கணக்கு ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதா? வாஷிங்டன் சட்டப்படி, இருவரும் கையொப்பமிட்ட குடியேற்றச் செக்லிஸ்டின் மாற்றுப் பிரதி ஒன்றை இலவசமாகக் கேட்கும் உரிமை வாடகையாளருக்கு உண்டு. பிடித்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தப் பிரதியை மட்டும் கேட்டுச் சிறு மின்னஞ்சல் ஒன்றை அனுப்புங்கள். சண்டை தொடங்கும் முன் கேட்டால் விரைவில் வந்துவிடும் என்பது நான் பலமுறை பார்த்தது.

## 2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஸ்கிரீன்ஷாட்களைத் தவிர மூன்று தாள்கள் வேண்டும். ஒன்று, லீஸ் ஒப்பந்தம். இரண்டாவது, நிர்வாகம் அனுப்பிய டெபாசிட் கணக்கு. மூன்றாவது, அந்தக் கணக்கோடு வந்த ரசீதுகள் அல்லது மதிப்பீடுகள்.

மூன்றாவது வரவே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் மாநிலச் சட்டத் தொகுப்பில் 2023-இல் திருத்தப்பட்ட `RCW 59.18.280` பிரிவின்படி, சேதத்துக்காகப் பணம் பிடிக்கும் உரிமையாளர் அதற்கான மதிப்பீட்டையோ கட்டிய ரசீதையோ கணக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டும். தன் பணியாளரைக் கொண்டு வேலை செய்திருந்தால், எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன கூலி என்று எழுதித் தர வேண்டும். வெறுமனே 'பெயிண்ட், 380 டாலர்' என்ற ஒற்றை வரி போதாது.

கணக்கோடு காசோலையும் வந்திருக்கும். அதை வங்கியில் போடும் முன், காசோலையிலோ உடன் வந்த கடிதத்திலோ 'முழுத் தீர்வாக' என்ற பொருளில் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதப்பட்ட காசோலையை மாற்றுவது, மீதித் தொகையைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படலாம். அந்தச் சொற்கள் இருந்தால், அவை இல்லாத வேறொரு காசோலையைக் கேளுங்கள். நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீடாக இருந்தால் காசோலை எல்லோர் பெயரிலும் வரும். அவர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பியிருப்பார், அது தனித் தலைவலி.

## 3. பிடித்தத்தை வரிவரியாகப் பிரியுங்கள்

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டே மேலே போகலாம். ரெட்மண்டில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டில் 2023 ஆகஸ்ட் 5 அன்று ஒரு குடும்பம் குடியேறி, 2025 ஜூன் 30 அன்று காலி செய்தது. டெபாசிட் 1,800 டாலர். ஜூலை 18 தேதியிட்ட கணக்கில் நான்கு பிடித்தங்கள் இருந்தன: கார்ப்பெட் சுத்தம் செய்ய 225, இரண்டாவது படுக்கையறையின் ஜன்னல் பிளைண்ட்ஸ் மாற்ற 180, அதே அறைக்கு முழுதாகப் பெயிண்ட் அடிக்க 380, ஓவன் சுத்தம் செய்ய 70. மொத்தம் 855 டாலர் போக, 945 டாலருக்குக் காசோலை வந்தது.

இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, 855 டாலரையும் ஒரே மூட்டையாக மறுப்பது. அப்படி எழுதினால் படிப்பவர் உங்கள் வாதத்தின் மிகப் பலவீனமான வரியைப் பிடித்துக்கொண்டு அதற்கு மட்டும் பதில் எழுதுவார். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே குடியேறியபோது என்ன எழுதப்பட்டிருந்தது, காலி செய்தபோது என்ன எழுதப்பட்டது என்ற இரண்டையும் எழுதி, நீங்கள் அதை ஏற்கிறீர்களா, முழுதாக மறுக்கிறீர்களா, ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறீர்களா என்று முடிவு செய்ய வேண்டும்.

பிளைண்ட்ஸ் வரியில் குடியேற்றச் செக்லிஸ்ட், 'இரண்டு பட்டைகள் வளைந்துள்ளன' என்கிறது. காலி செய்த பட்டியலும் 'இரண்டு பட்டைகள் வளைந்துள்ளன' என்கிறது. இதற்கு மேல் வாதமே தேவையில்லை. காலி செய்த பட்டியலில் 'நான்கு பட்டைகள்' என்று இருந்திருந்தால் கதை வேறு. கூடுதலாக வளைந்த இரண்டுக்கு நாம் பொறுப்பு, முழு மறுப்பு பகுதி மறுப்பாகிவிடும். இரண்டு பட்டியல்களையும் வார்த்தை வார்த்தையாக ஒப்பிடச் சொல்வது இதனால்தான்.

கார்ப்பெட் வரியில் காலி செய்த பட்டியல், 'நிலை சுமார், நடைபாதைத் தடங்கள் உள்ளன' என்று மட்டும் சொல்கிறது. கறை, கிழிசல், எரிந்த இடம் என்று எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு நடந்த கார்ப்பெட்டில் தடம் விழுவது சாதாரணப் பயன்பாட்டுத் தேய்மானம். அந்த வரியை எழுதியது நிர்வாகத்தின் ஆளே என்பது கூடுதல் வசதி.

பெயிண்ட் வரி இப்படி நேராக இல்லை. குடும்பம் ஒரு சுவரில் அலமாரி மாட்டியிருந்தது. அதைக் கழற்றியபோது பிளாஸ்டர் பெயர்ந்து உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்தது. காலி செய்த பட்டியல் 'கிழக்குச் சுவரில் குழி' என்று ஒரே ஒரு சுவரைத்தான் குறிப்பிடுகிறது, பணம் பிடித்ததோ நான்கு சுவர்களுக்கும். இதில் சேதத்தை ஒப்புக்கொண்டு, அளவை மட்டும் மறுக்க வேண்டும்.

ஓவன் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது உண்மை. காலி செய்த பட்டியலில் அது படத்தோடு இருக்கிறது. 70 டாலரை ஏற்றுக்கொள்வதே சரி. இதை நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. நான்கில் ஒன்றை மறுபேச்சின்றி ஏற்பவர் மற்ற மூன்றையும் யோசித்துத்தான் மறுக்கிறார் என்று அலுவலகத்தில் உள்ளவர் நம்புவார்.

## 4. ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சட்ட வாக்கியம் என்று பொருத்துங்கள்

நீளமாகச் சட்டம் பேசத் தேவையில்லை. `RCW 59.18.280` பிரிவு நான்கு காரணங்களுக்காகப் பணம் பிடிப்பதைத் தடுக்கிறது, நமக்கு வேண்டியது அவ்வளவே. சாதாரணப் பயன்பாட்டுத் தேய்மானத்துக்காகப் பிடிக்கக்கூடாது. சாதாரணத் தேய்மானத்தை மீறிய சேதத்தை ஆவணப்படுத்தாமல் கார்ப்பெட் சுத்தத்துக்காகப் பிடிக்கக்கூடாது. குடியேற்றச் செக்லிஸ்டில் நிலை முறையாகப் பதியப்படாத பொருத்துப் பொருள்கள், சாதனங்கள், தளவாடங்கள் ஆகியவற்றின் பழுதுக்கோ மாற்றத்துக்கோ பிடிக்கக்கூடாது. ஒரு பொருளின் ஒரு பகுதி மட்டும் சேதமாகியிருந்தால், அந்தப் பகுதியைச் சரிசெய்யும் செலவுக்கு மேல் பிடிக்கக்கூடாது.

நம் கணக்கில் கார்ப்பெட்டுக்கு இரண்டாவதும், பெயிண்டுக்கு நான்காவதும் பொருந்தும். பிளைண்ட்ஸுக்குச் சட்டமே வேண்டாம், இரண்டு ஸ்கிரீன்ஷாட்களும் போதும்.

மூன்றாவதைப் பற்றி ஒரு சொல். குடியேற்றச் செக்லிஸ்டில் ஒரு சாதனத்தின் வரி காலியாகக் கிடந்தால், 'நான் எழுதாமல் விட்டுவிட்டேனே' என்று பலர் அந்த வரியை மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. நிலை பதியப்படாத சாதனத்தின் பழுதுக்குப் பணம் பிடிப்பதுதான் உரிமையாளருக்குக் கடினம், ஆகவே அந்தக் காலி வரி உங்கள் பக்கம் நிற்கிறது. உண்மையில் தொல்லை தருவது இன்னொன்று. சில இணையப் படிவங்களில் எல்லா வரிகளிலும் 'நன்று' என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும், அவசரத்தில் அதை மாற்றாமலேயே கையொப்பமிட்டிருப்பீர்கள். அப்போது செக்லிஸ்ட் உங்களுக்கு எதிராகப் பேசும். குடியேறிய நாளில் எடுத்த புகைப்படம் இருந்தால் மட்டுமே அந்த வரியை மறுக்க முயலுங்கள்.

லீஸில் 'காலி செய்யும்போது கார்ப்பெட் சுத்தச் செலவு வாடகையாளருடையது' என்று ஒரு வாக்கியம் இருப்பதைக் காட்டிச் சிலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இந்தச் சட்டம் தரும் உரிமையை லீஸில் ஒரு வரி எழுதி வாடகையாளரிடமிருந்து பறித்துவிட முடியாது. அந்த வாக்கியத்தைக் கண்டு அஞ்சாமல், ஆவணம் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள்.

## 5. ஸ்கிரீன்ஷாட்களை ஜோடி சேருங்கள்

இந்தப் படியில் செலவிடும் ஒரு மணி நேரம்தான் மின்னஞ்சலின் பாதி பலம். நாற்பது படங்களை இணைத்து 'எல்லாம் இதில் இருக்கிறது' என்று அனுப்பினால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். மறுக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேலே பொருளின் பெயரும் பிடித்த தொகையும், இடப்பக்கம் குடியேறியபோது எழுதிய வரியின் ஸ்கிரீன்ஷாட், வலப்பக்கம் காலி செய்தபோது எழுதியதன் ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொன்றின் கீழும் தேதி. படிப்பவரின் கண் இடமிருந்து வலம் போகும் அந்த ஒரு நொடியிலேயே வாதம் முடிந்துவிட வேண்டும்.

அம்பு, வட்டம், சிவப்புக் கோடு போன்றவற்றை மூலப் படத்தின் மேல் போடாதீர்கள். படம் திருத்தப்பட்டது என்று சொல்ல அது இடம் கொடுக்கும். வரியைத் தனித்துக் காட்ட விரும்பினால் ஒரு நகலை வெட்டிப் பெரிதாக்கி வைத்து, வெட்டாத முழுப் படத்தைக் கோப்பின் கடைசியில் சேருங்கள். வெட்டும்போது பொருளின் பெயரும் அறையின் தலைப்பும் படத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'இரண்டு பட்டைகள் வளைந்துள்ளன' என்ற குறிப்பு மட்டும் இருந்து, எந்த அறை என்பது வெட்டுப்பட்டுப் போன படங்களைப் பலர் அனுப்புகிறார்கள். அந்த வீட்டில் ஐந்து ஜன்னல்கள் இருக்கும்.

கோப்புகளுக்கு வரிசை எண், பொருள், கட்டம், தேதி என்று பெயரிடுங்கள்:

```
01_Blinds_BR2_MoveIn_2023-08-05.png
01_Blinds_BR2_MoveOut_2025-06-30.png
02_Carpet_MoveOut_2025-06-30.png
03_Paint_BR2_MoveOut_2025-06-30.png
```

பிறகு எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்குங்கள். தனித்தனிப் படங்களாக அனுப்பினால், மின்னஞ்சலை இன்னொருவருக்கு மேலனுப்பும்போது ஒன்றிரண்டு உதிர்ந்துவிடும். நிர்வாகத்தில் முதலில் படிப்பவருக்குப் பணம் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது, அவர் மேலனுப்பத்தான் போகிறார்.

## 6. தொகையை முடிவு செய்து, மின்னஞ்சலை எழுதுங்கள்

எழுதத் தொடங்கும் முன் கேட்கும் தொகை ஒரே எண்ணாக முடிவாகியிருக்க வேண்டும். நம் கணக்கில் பிளைண்ட்ஸ் 180, கார்ப்பெட் 225 ஆகியவை முழுதாகத் திரும்ப வேண்டும். பெயிண்டில் நான்கு சுவர்களில் ஒன்றுக்கு 95 டாலரை ஏற்று, 285 டாலரை மறுக்கிறோம். கேட்கும் தொகை 690 டாலர். ஓவன் 70, பெயிண்ட் 95 என நாம் ஏற்பது 165 டாலர். இரண்டையும் கூட்டினால் பிடித்த 855 வர வேண்டும். இந்தக் கூட்டலைச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள், ஏனெனில் ஒரு டாலர் பிசகினாலும் பதில் அந்தப் பிசகைப் பற்றியே வரும்.

பொருள் வரியில் வீட்டு எண்ணும் கணக்கின் தேதியும் இருக்கட்டும். அலுவலகத்தில் தேடி எடுப்பது அவற்றை வைத்துத்தான்.

```
Unit B-204: Deposit statement dated July 18, 2025 - request for correction
```

மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போகும். அதில் இருக்க வேண்டிய வாக்கியங்களை வரிசை மாறாமல் இங்கே தமிழில் தருகிறேன்.

> வணக்கம்.
>
> நான் பி-204 எண் வீட்டில் 2023 ஆகஸ்ட் 5 முதல் 2025 ஜூன் 30 வரை வாடகைக்கு இருந்தேன். ஜூலை 18 தேதியிட்ட டெபாசிட் கணக்கும் 945 டாலர் காசோலையும் வந்து சேர்ந்தன. நன்றி.
>
> கணக்கை இரண்டு செக்லிஸ்டுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓவன் சுத்தம் செய்யப் பிடித்த 70 டாலரை ஏற்கிறேன். கீழே உள்ள மூன்று பிடித்தங்களைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> ஒன்று: பிளைண்ட்ஸ், 180 டாலர். இரண்டு பட்டைகள் வளைந்திருந்தது குடியேறிய நாளிலேயே செக்லிஸ்டில் பதியப்பட்டுள்ளது. காலி செய்தபோதும் அதே இரண்டு பட்டைகளே பதியப்பட்டுள்ளன. இணைப்பு, பக்கம் 1.
>
> இரண்டு: கார்ப்பெட் சுத்தம், 225 டாலர். காலி செய்த செக்லிஸ்டில் நடைபாதைத் தடங்கள் மட்டுமே பதியப்பட்டுள்ளன. சாதாரணப் பயன்பாட்டை மீறிய சேதத்துக்கான ஆவணம் கணக்கோடு வரவில்லை. இணைப்பு, பக்கம் 2.
>
> மூன்று: பெயிண்ட், 380 டாலர். கிழக்குச் சுவரில் உள்ள குழிக்கு நான் பொறுப்பேற்கிறேன். மற்ற மூன்று சுவர்களில் சேதம் எதுவும் பதியப்படவில்லை. ஒரு சுவருக்கான 95 டாலரை ஏற்று, 285 டாலரைத் திரும்பக் கேட்கிறேன். இணைப்பு, பக்கம் 3.
>
> வாஷிங்டன் சட்டத்தின் 59.18.280 பிரிவு கார்ப்பெட் சுத்தத்தையும் பகுதிச் சேதத்தையும் பற்றிச் சொல்வதை வைத்தே இரண்டாவது, மூன்றாவது வரிகளை எழுதியுள்ளேன். என்னிடம் இல்லாத ரசீதோ படமோ உங்களிடம் இருந்தால் அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டுப் பதில் தருகிறேன்.
>
> 690 டாலருக்கான காசோலையைக் கீழுள்ள முகவரிக்கு ஆகஸ்ட் 5-ஆம் தேதிக்குள் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பகுதியும் அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நன்றியும் ஏற்புமே முதலில் வருவதால் படிப்பவர் தற்காப்புக்குப் போவதில்லை. மறுப்புகளில் மிக வலுவான பிளைண்ட்ஸ் முதலிலும், விட்டுக்கொடுத்துப் பேசும் பெயிண்ட் கடைசியிலும் வருகின்றன. 'உங்களிடம் வேறு ரசீது இருந்தால் அனுப்புங்கள்' என்ற வாக்கியம் நம்மைப் பலவீனமாக்காது. ரசீது இல்லை என்றால் அந்த மௌனம் பின்னால் நமக்கு உதவும், இருந்தால் அதை முன்கூட்டியே பார்த்துவிடுவோம். 'இரண்டு வாரத்துக்குள்' என்று எழுதாமல் தேதியாகவே எழுதுவது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற குழப்பத்தைத் தவிர்க்கும். இந்தக் கெடு சட்டம் வைத்தது அல்ல, நாம் வைப்பது. இரண்டு வாரம் என்பது நியாயமான அளவு.

நம்மவர்கள் எழுதும் மின்னஞ்சல்களில் இரண்டு துருவங்களைக் காண்கிறேன். ஒன்று, 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள், எங்களுக்குச் செலவு அதிகம்' என்ற கெஞ்சல். டெபாசிட் நம்முடைய பணம், அதைக் கேட்கக் குடும்பச் செலவைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றொன்று, முதல் மின்னஞ்சலிலேயே 'கொள்ளை', 'வழக்குப் போடுவேன்', 'இணையத்தில் எழுதுவேன்' என்பது. வழக்கு என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளூர் மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டு வழக்கறிஞருக்கு அனுப்பிவிடுவார், ஒரு நாளில் முடிய வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். வேண்டுமென்றே டெபாசிட்டைத் தர மறுத்தால் அதன் இரு மடங்கு வரை வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதையும் முதல் மின்னஞ்சலில் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. சட்டப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டாலே தெரிந்தவர்களுக்குப் புரியும், அதே பிரிவில்தான் அதுவும் இருக்கிறது.

## 7. அனுப்பும் முன்னும் அனுப்பும்போதும்

கணக்கை அனுப்பிய முகவரிக்கும், லீஸில் அறிவிப்புகளுக்கென்று கொடுத்துள்ள முகவரிக்கும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். பதிலளிக்க முடியாத தானியங்கி முகவரியிலிருந்து கணக்கு வந்திருந்தால், அதற்கே பதில் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. லீஸில் பெயருள்ள எல்லோரையும் நகலில் சேருங்கள், இல்லையென்றால் 'மற்ற வாடகையாளர் ஒப்புக்கொண்டாரா' என்று ஒரு சுற்று வீணாகும்.

இணைப்பை உங்களுக்கே ஒருமுறை அனுப்பித் திறந்து பாருங்கள். மின்னஞ்சலில் 'பக்கம் 2' என்று சொன்னது கோப்பிலும் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறதா, எழுத்துகள் பெரிதாக்காமலே படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மேகக் கோப்புறையின் இணைப்பை மட்டும் அனுப்புவது வேண்டாம். பல அலுவலகங்களில் அது திறக்காது, திறந்தாலும் பின்னால் நீங்கள் மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் தரும்.

அதே கடிதத்தையும் பிடிஎஃப்பையும் அச்சிட்டு, சான்றளிக்கப்பட்ட தபாலிலும் அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல் வரவில்லை என்று சொல்லிவிட முடியும், கையொப்பமிட்டு வாங்கிய தபாலை அப்படிச் சொல்ல முடியாது.

## 8. பதில் வந்த பிறகு

தொலைபேசியில் அழைத்துப் பேசினால் பேசலாம், ஆனால் அன்றே 'இன்று நாம் பேசியபடி' என்று தொடங்கி, பேசியதை அதே மின்னஞ்சல் தொடரில் எழுதி அனுப்புங்கள். புதிய தொடர் தொடங்கினால் ஸ்கிரீன்ஷாட்கள் பழைய தொடரிலேயே தங்கிவிடும்.

'இது எங்கள் வழக்கமான கொள்கை' என்று மட்டும் பதில் வந்தால், அதில் செக்லிஸ்ட் பற்றி ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுபடி வாதாடாமல், 'பக்கம் 1-இல் உள்ள இரண்டு பதிவுகளில் எது தவறு என்று கருதுகிறீர்கள்?' என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கொள்கையைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

ஒரு பகுதியைத் தர முன்வந்தால், உதாரணமாக 500 டாலர் என்றால், ஏற்பதா என்பது உங்கள் முடிவு. ஏற்காமல் மீதியையும் கேட்கப் போகிறீர்கள் என்றால், அந்தத் தொகை பகுதித் தொகையாக மட்டுமே பெறப்படுகிறது என்று எழுதி, அவர்கள் அதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே காசோலையை மாற்றுங்கள்.

கெடு முடிந்தும் பதில் இல்லை என்றால், முதல் மின்னஞ்சலையே இணைத்து, புதிய தேதி ஒன்றைக் கொடுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். சிறு வழக்கு நீதிமன்றத்தை நாடும் எண்ணத்தைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். வாஷிங்டனில் தனிநபர் ஒருவர் 10,000 டாலர் வரையிலான தொகைக்கு அங்கே வழக்குத் தொடுக்கலாம். நீதிபதியின் அனுமதி இல்லாமல் எந்தத் தரப்பும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது என்பதால், நிறுவனத்தின் பணியாளர் ஒருவரே நேரில் வந்து அந்தப் பிளைண்ட்ஸ் பக்கத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நாளுக்குத் தேவையானது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஐந்தாவது படியில் செய்த பிடிஎஃப்பை மூன்று பிரதிகள் அச்சிட்டு, நீதிபதிக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று எடுத்துச் செல்லுங்கள்.